பெரியப்பா தலை தப்பிக்க ஒரு கணக்கு

கேள்வி: கல்யாண குரூப் போட்டோ 4:3 அளவில் இருக்கிறது. டி.வி. திரை நிறையும்படி 16:9 ஆக்க, சரியாக எத்தனை பிக்சல் வெட்ட வேண்டும்?

பதில்: படம் 4032 × 3024 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அகலத்தில் கை வைக்காதீர்கள். 4032-ஐ 16-ஆல் வகுத்து 9-ஆல் பெருக்கினால் 2268. அதுதான் புது உயரம். மீதி 756 பிக்சல், அதாவது உயரத்தில் சரியாகக் கால் பங்கு, போயே ஆகவேண்டும்.

நடுவில் வெட்டினால் மேலே 378, கீழே 378. வெட்டும் பெட்டி இப்படி இருக்கும்:

```
4032x2268+0+378
```

கடைசி எண்தான் மேலிருந்து விடும் தூரம். பின்வரிசைப் பெரியப்பாவின் உச்சந்தலை மேலிருந்து 200-வது பிக்சலில் இருந்தால், இந்தக் கணக்கில் அவர் நெற்றியோடு போய்விடுவார். அந்த எண்ணை 120 ஆக்குங்கள். கீழே 636 போகும். முன்வரிசையின் செருப்புகள்தானே, போகட்டும். 0 முதல் 756 வரை எந்த எண்ணும் செல்லும்.

தலையும் வேண்டும், செருப்பும் வேண்டும் என்றால் வெட்டாமல் இருபுறமும் கறுப்புப் பட்டை விடுங்கள். இழுத்து மட்டும் நிரப்பாதீர்கள். மணப்பெண் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகிவிடுவார். அதற்கப்புறம் வரும் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை!