நாம் தோண்டிய பள்ளம்

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

ஒலிபெருக்கி கட்டிய தங்கள் ஆட்டோ எங்கள் தெருவில் இப்படி முழங்கிவிட்டுப் போனது: “குடிநீர்க் குழாய் பதிக்க நாம் தோண்டிய பள்ளங்களை இன்னும் மூடவில்லை. வருந்துகிறோம். நாங்கள் அனைவரும் சொத்து வரியை மாத இறுதிக்குள் செலுத்துவோம்.”

எதிர்வீட்டுப் பெரியவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடப்பாரை பிடித்த காய்ப்பு எதுவும் இல்லை. ஆனால் ‘நாம்’ என்றால் கேட்பவரும் கணக்கில் சேர்ந்துவிடுகிறாரே! பள்ளத்தில் அவருக்கும் பங்கு உண்டு. வரி விஷயம்தான் தெருவையே குளிர வைத்தது. ‘நாங்கள்’ கேட்பவரை வெளியே நிறுத்தும் சொல். ஆக, வரியைத் தாங்களும் ஊழியர்களுமே கட்டிவிடப் போகிறீர்கள். மிக்க நன்றி.

‘வருந்துகிறோம்’ யாருடைய வருத்தம் என்பதுதான் பிடிபடவில்லை. நன்னூல் கணக்கில் அம், ஆம் விகுதிகள் கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும். எம், ஏம், ஓம் அப்பால் இருப்பவரைச் சேர்க்கும். இன்றைக்கு ‘ஓம்’ ஒன்றே இரண்டு வேலையையும் பார்க்கிறது. அதனால் எழுவாயை விழுங்கிவிட்டால் வினைமுற்று காட்டிக்கொடுக்காது. வருத்தத்தையும் எங்கள் தலையில் கட்டிவிட்டீர்களோ என்று சந்தேகம்.

அறிவிப்பை மைக்காரரிடம் கொடுக்கும் முன், எழுத்தர் ஒரு காரியம் செய்யலாம். ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘உங்களையும் சேர்த்து’ என்று நுழைத்துப் படிக்கட்டும். ‘உங்களையும் சேர்த்துத் தோண்டினோம்’ என்பது பொய், அங்கே ‘நாங்கள்’. ‘உங்களையும் சேர்த்து அனைவரும் வரி கட்டுவோம்’ என்பதுதான் தங்கள் ஆசை, அங்கே ‘நாம்’. ‘ஓம்’ மட்டும் நிற்கும் இடத்தில் எழுவாயை எழுதியே ஆகவேண்டும்: ‘நாங்கள் வருந்துகிறோம்.’ பிறகு வேற்றுமை உருபு ஏற்ற சொற்களையும் ஒரு நடை பார்க்க வேண்டும். மேலே ‘நாங்கள்’ என்று திருத்திவிட்டு, கீழே ‘நமது தவறு’ என்று விட்டால் பள்ளம் மறுபடி எங்கள் பேருக்கு வந்துவிடும். கடைசியாக, எழுதியவரே படித்துத் தலையாட்டாமல், அலுவலக வாசலில் மனுவோடு நிற்கும் யாரிடமாவது வாசித்துக்காட்டி, “இதில் நீங்களும் உண்டா?” என்று கேட்டால் போதும். வாசலில் ஆளுக்கா பஞ்சம்?

‘நம்ம ஊர், நம்ம நகராட்சி என்ற பாசத்தில் சொன்னது’ என்று தாங்கள் சொல்லக்கூடும். உண்மைதான். “நம்ம வீட்டுக்கு வாங்க” என்று அழைப்பவர் வீட்டில் பங்கு தருவதில்லை, அது உபசாரம். ஆனால் உபசாரம் விருந்துக்குக் கூப்பிடும்போது செய்வது. பழியைப் பரிமாறும்போது யாரும் ‘நம்ம’ போடுவதில்லை.

அறிவிப்பில் பிழையே இல்லை என்பது தங்கள் முடிவானால், சாலையைத் தோண்ட எங்களுக்கும் சேர்த்து வழங்கிய அனுமதி ஆணையின் நகலையும், எங்கள் வீடுகளுக்குத் தாங்கள் கட்டிய சொத்து வரி ரசீதுகளையும் அனுப்பிவைக்க வேண்டுகிறோம். இந்த ‘வேண்டுகிறோம்’, தெருவாசிகளான நாங்கள் மட்டும். தாங்கள் இதில் சேர்த்தி இல்லை.

இப்படிக்கு,
பள்ளத்துக்கு எதிர்வீட்டுக்காரன்