டிசம்பரில் போட்ட கணக்கு ஜனவரியில் விழுந்தது

கே: தினமும் காலை ஆறரைக்கு ஒரு குட்டி கோடிங் கணக்கு கண்முன் வந்து நிற்கட்டும் என்று லேப்டாப்பில் கிரான் போட்டேன். வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறது. கோளாறு எங்கே?
– கரூர் வாசகர்

ப: ஆறரைக்கு உங்கள் லேப்டாப் விழித்திருப்பதே வாரத்தில் இரண்டு நாள்தானோ என்னவோ. லேப்டாப்பை மூடினால் கிரானும் தூங்கிவிடும். எட்டு மணிக்குத் திறக்கும்போது "ஐயோ, ஆறரை வேலை விட்டுப்போச்சே" என்றெல்லாம் அது பதறாது. மறுநாள் ஆறரைக்குக் காத்திருக்கும். லினக்ஸ் என்றால் கிரானுக்குப் பதில் systemd டைமர் வையுங்கள்:

```
OnCalendar=*-*-* 06:30:00
Persistent=true
```

லேப்டாப் அணைந்திருந்தபோது தவறிய வேலையைத் திறந்ததும் செய்ய வைப்பது அந்த இரண்டாவது வரி. அதற்குப் பிறகும் கணக்கு போடவில்லையென்றால், கோளாறு லினக்ஸில் இல்லை.

கே: வாரம் எத்தனை தீர்த்தேன் என்று ஒரு ஃபைலில் எழுதி வருகிறேன். 2025 டிசம்பர் 29, 30, 31 மூன்று நாளும் தவறாமல் போட்டேன். ஜனவரி 1, 2 தேதிகளிலும் போட்டேன். வாரக் கணக்கில் 2 என்றுதான் வருகிறது. மூன்று எங்கே போனது?
– பெயர் வேண்டாம் என்றவர், திருநெல்வேலி

ப: எங்கும் தொலையவில்லை, பின்னோக்கிப் போய்விட்டன. ஃபைலில் '2025-W01' என்ற வரியைப் பாருங்கள். 2025 ஜனவரி முதல் வாரத்தில் நீங்கள் 4 தீர்த்திருந்தால், இப்போது அங்கே 7 நிற்கும். போன வருஷப் பொங்கலுக்கு முன்பே இந்த டிசம்பர் கணக்கை முடித்த தீர்க்கதரிசி நீங்கள்!

வாரத்தின் பெயரை `date +%Y-W%V` என்று எழுதியிருப்பீர்கள். `%V` தருவது ஐஎஸ்ஓ வார எண். அந்த முறையில் வாரம் திங்களில் தொடங்கும்; அதன் வியாழக்கிழமை எந்த வருஷத்தில் விழுகிறதோ, முழு வாரமும் அந்த வருஷத்துக்குச் சொந்தம். 2026 ஜனவரி 1 வியாழன். ஆகவே டிசம்பர் 29 திங்கள் முதலே 2026-இன் முதல் வாரம். `%V` சரியாக 01 என்றது. `%Y` மட்டும் காலண்டரைப் பார்த்து 2025 என்றது. இரண்டும் கைகோத்ததில் பிறந்ததுதான் '2025-W01'. ஜனவரி பிறந்ததும் `%Y` தானாக 2026 ஆனதால் அந்த இரண்டு மட்டும் சரியான இடத்தில் விழுந்தன. ஐஎஸ்ஓ வாரத்துக்கு ஐஎஸ்ஓ வருஷம்தான் ஜோடி:

```
date +%G-W%V
```

பழைய மூன்று வரிகளையும் கையால் திருத்திவிடுங்கள். இந்தத் தப்பு வருஷம் முழுக்க வாயே திறக்காது. வருஷக் கடைசியிலோ தொடக்கத்திலோதான் வரும், அதுவும் எல்லா வருஷமும் வராது. சோதிக்க டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம். `date -d 2025-12-29 +%G-W%V` என்று அடித்தால் 2026-W01 வர வேண்டும்.

கே: ஐம்பது கணக்குகள் சேர்த்து வைத்து, தினமும் `shuf -n 1` என்று ஒன்றை எடுக்கிறேன். ஐம்பது நாள் தாங்கும் என்று பார்த்தால் ஒரு வாரத்திலேயே பழையது வருகிறது. ராசியா?
– தஞ்சாவூர் வாசகி

ப: ராசி இல்லை, நிகழ்தகவு. எடுத்த சீட்டைத் திரும்பக் குடத்தில் போட்டுவிட்டு மறுநாள் எடுக்கிறீர்கள். ஐம்பதில் இப்படி எடுத்தால், ஒன்பது நாளுக்குள் ஏதாவது ஒன்று மறுபடி வர 53 சதவீதம் வாய்ப்பு உண்டு. ஒரே ஒரு முறை மொத்தத்தையும் கலைத்து வேறு ஃபைலில் வைத்துக்கொண்டு, தினமும் மேலிருந்து ஒன்று எடுங்கள். ஐம்பதும் முடிந்த பிறகு மறுபடி கலையுங்கள்.

கே: ஒரே கணக்கை ஐந்து தடவை திருத்தித் திருத்தி அனுப்பினேன். வாரக் கணக்கில் ஐந்து ஏறிவிட்டது. வைத்துக்கொள்ளலாமா?
– கோவை வாசகர்

ப: ஆசைதான்! உங்கள் ஃபைலில் ஒவ்வொரு வரியும் வாரம், கணக்கின் பெயர், முடிவு என்று `2026-W02 two-sum ok` மாதிரி இருந்தால் இது போதும்:

```
grep ' ok$' log.txt | sort -u | cut -d' ' -f1 | uniq -c
```

`sort -u` ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கிவிடும், ஐந்து ஒன்றாகும். வரியில் மணி, நிமிஷம் எழுதினால் ஒவ்வொன்றும் வேறாகி மறுபடி ஐந்தாகிவிடும், ஜாக்கிரதை. அதே கணக்கை ஒரு மாதம் கழித்து மறந்துபோய் மறுபடி தீர்த்தால்? வாரம் வேறு என்பதால் தனியாக எண்ணும். எண்ணட்டும், மறந்ததை மீட்பதும் உழைப்புதானே.

கே: லீட்கோடில் இரவு ஒரு மணிக்குத் தீர்த்தேன். நேற்றைய கணக்கு என்கிறது. அநியாயம் இல்லையா?
– சென்னை வாசகர்

ப: அங்கே நாள் மாறுவது யூடிசி நள்ளிரவில், நமக்கு அது காலை 5.30. நேற்று மறந்தவருக்கு ஐந்தரை மணி நேரம் இனாமாகக் கிடைத்திருக்கிறது, அதைப் போய் அநியாயம் என்கிறீர்களே!