எரிந்த ஜாமான்களுக்கு ஒரு பட்டியல்

பெருமதிப்பிற்குரிய கிளைம் பிரிவு மேலாளர் ஐயா அவர்களுக்கு,

மின்கசிவில் எங்கள் அடுப்படியும் நடுக்கூடமும் எரிந்தது பற்றித் தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. எரிந்த ஒவ்வொரு ஜாமானுக்கும் போட்டோ, பில், வாங்கிய தேதி, வரிசை எண் கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். தீயைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் போய் லேபிளைப் படமெடுத்திருக்க வேண்டும்.

பிரிட்ஜ் பில் தகர டப்பாவில் பத்திரமாகவே இருந்தது. ஆனால் அது சூட்டால் எழுத்து விழும் தாள். தீ அண்டிய வெக்கையிலேயே முழுத்தாளும் கறுத்துவிட்டது. தங்கள் சர்வேயர் அதை ஜன்னலோரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘தொகை தெளிவாக இல்லை’ என்று குறித்துக்கொண்டார்.

2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசிதான் எங்களுடையது. கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டு ஜாமான்களுக்கும் தானாகவே காப்பீடு உண்டு. விவரப் பட்டியல் தர வேண்டாம். எங்கள் கட்டடம் 20 லட்சம், ஆகவே ஜாமானுக்கு 4 லட்சம். பட்டியல் வேண்டாம் என்றது பாலிசி எடுக்க மட்டும்தான் என்பது இப்போது விளங்குகிறது.

தங்கள் புண்ணியத்தில் எங்கள் தெருவே படப்பிடிப்புத் தளமாகிவிட்டது. வாசலில் நின்று அறை முழுவதையும் ஒரு படம், பிறகு ஜாமானைத் தனியாக, பிறகு வரிசை எண் லேபிள். பில் மங்குமுன் அதையும் எடுத்து, எல்லாவற்றையும் வெளியூர்ச் சொந்தக்காரரின் போனுக்கும் அனுப்பிவிடுகிறார்கள். பில்லே இல்லாத பாட்டி காலத்துப் பித்தளை அண்டாவை எடை போட்டு, தராசோடு படமெடுக்கிறார்கள். அண்டாவுக்கு இவ்வளவு மரியாதை கல்யாணத்தில்கூடக் கிடைத்ததில்லை.

இனி ஏலக்காய்க்கு வருகிறேன். மலையில் காயவைத்து இறக்கி, விலை ஏறட்டும் என்று நடுக்கூடத்தில் அடுக்கிய நான்கு மூட்டை. 50 கிலோ வீதம் 200 கிலோ. கிலோ 2,000 ரூபாய் என்றே வைத்தாலும் 4 லட்சம். அதற்குப் படம் இருக்கிறது, எடைச்சீட்டு இருக்கிறது; கருகிய மணத்துக்குத் தெருவே சாட்சி. இதற்கு மட்டும் தாங்கள் பட்டியலே கேட்கவில்லை. ‘வியாபாரச் சரக்கு, வீட்டு ஜாமான் அல்ல’ என்று ஒரே வரி. விதிப்படி சரிதான், சரக்குக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ போலத் தனிப் பாலிசி எடுத்திருக்க வேண்டும். ஆனால் தங்கள் முகவர் அந்த மூட்டை மேல் உட்கார்ந்துதான் எங்களிடம் கையெழுத்து வாங்கினார்.

ஆகவே ஒரே விண்ணப்பம். போடியில் இனி வீட்டுப் பாலிசி விற்கும்போது, நடுக்கூடத்தில் மூட்டை இருக்கிறதா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். பட்டியலையும் அன்றைக்கே கேளுங்கள், ஐயா.

இப்படிக்கு,
பாலிசிதாரர்,
போடிநாயக்கனூர்.