கீழ்ப்படிதலுள்ள மாணவன்

பள்ளி விட்ட பிறகு கணினி ஆய்வகத்தைத் திறந்துவிடும்படி தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதுகிற பிளஸ் டூ மாணவன், ஆய்வகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால், ஆதி மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தது, உலகம் ஒரு கிராமமாகச் சுருங்கியது, பாரத தேசம் வல்லரசாகப் போவது முதலிய விஷயங்களையெல்லாம் கிரமமாக விஸ்தரித்துவிட்டு, முதற்பக்கம் முடிந்து தாளைத் திருப்புகிற இடத்தில்தான் ‘ஆகவே’ என்று ஆரம்பிப்பான். அந்த ‘ஆகவே’க்குப் பிறகாவது காரியம் வருமென்று எதிர்பார்க்கிறவர்கள் அவனை அறியாதவர்கள். தலைமையாசிரியரின் பொற்கால ஆட்சி அங்கேதான் வருணிக்கப்படும்.

இந்த விண்ணப்பங்களுக்கெல்லாம் மூலம் ஒன்றே. ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்த விடுப்புக் கடிதம். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள் என்ற அதே எலும்புக்கூட்டின்மேல்தான் அவன் வல்லரசையும் பொற்காலத்தையும் ஏற்றுகிறான். ஒருவன் இரண்டு பக்கம் நிரலாக்கத்தின் மாட்சியைப் பாடிவிட்டு, கை பழகிய பழக்கத்தால், ‘எனவே எனக்கு ஒரு நாள் மட்டும் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்’ என்று முடித்திருந்தான். தலைமையாசிரியர் மறுப்பின்றி விடுப்பு அளித்துவிட்டார்.

விண்ணப்பத்தின் அடியில் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்’ என்று கையொப்பமிடுகிற இந்த ஜீவன், பெல் அடித்ததும் பெஞ்சைத் தாண்டிக் குதித்து ஓடுகிறவன்தான் என்பதையும், கையெழுத்து அழகாக இருக்கிறதென்று வேறொருவனைக் கொண்டு எழுதுவித்திருப்பான் என்பதையும் இங்கே குறிப்பிட்டு மேலே செல்கிறேன்.

அவனுடைய பிரதானமான குணம், கேட்க வந்ததைக் கேளாமலிருப்பது. எந்தெந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர், உடன் இருக்கப்போகிற ஆசிரியர் யார், வெளியூர்ப் பிள்ளைகள் எந்த பஸ்ஸில் போவார்கள், கடைசியில் யுபிஎஸ்ஸை அணைத்துப் பூட்டிச் சாவியை யாரிடம் கொடுப்பது என்ற இவ்வளவும் தலைமையாசிரியர் மனத்தில் உடனே எழுகிற கேள்விகள். இவற்றில் ஒன்றுக்கும் அந்த மூன்று பக்கங்களில் விடை கிடையாது. மாப்பிள்ளையின் கொள்ளுப்பாட்டனார் பெயர்வரை அச்சிட்டுவிட்டு முகூர்த்தத்தையும் மண்டபத்தையும் விட்டுவிட்ட கல்யாணப் பத்திரிகை எப்படியோ அப்படித்தான் அது. அவரும் என்ன செய்வார், பாவம்? ‘க.ஆ. கவனிக்க’ என்று பச்சை மையில் எழுதி என்னிடம் அனுப்பிவிடுகிறார். க.ஆ. என்பது கணினி ஆசிரியனாகிய நான். எனக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரம் கிடையாது; ஆகையால் நான் கவனித்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறேன். இவ்விதம் அந்தத் தாள் அரையாண்டுத் தேர்வுவரை மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்குகிறது.

இதில் பரிதாபம் என்னவென்றால், பையனிடம் மறுக்க முடியாத ஒரு காரணம் இருக்கிறது. அது விண்ணப்பத்தில் இல்லை, அவனுடைய செய்முறை நோட்டில் இருக்கிறது. பதினெட்டுப் பேர் படிக்கிற எங்கள் பிரிவில் ஓடுகிற கணினி ஆறு. நாற்பது நிமிஷப் பாடவேளையில் அவை விழித்தெழுவதற்குள் பத்து நிமிஷம் போய்விடும். மிச்சத்தை ஒரு கணினிக்கு மூன்று பேராகப் பங்கிட்டால் ஆளுக்குப் பத்து நிமிஷம். அதில் என்ன நடக்கிறதென்பதற்கு, சென்ற பருவத்தில் ஒருவனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒன்று முதல் n வரை ஒவ்வோர் எண்ணின் தொடர்பெருக்கத்தையும் கண்டுபிடிக்கிற பைத்தான் நிரலை நோட்டில் அச்சடித்தாற்போல் எழுதிக்கொண்டு வந்தான். சாதாரண நோட்பேடில் நான்காவது வரிவரை அடித்தான். அவனுடைய பத்து நிமிஷம் தீர்ந்தது. நாற்காலிக்கு வந்த அடுத்தவன் ஐந்தாவது வரியை அடித்தான்.

```
n = int(input())
f = 1
for i in range(1, n + 1):
	f = f * i
        print(f)
```

ஓட்டியதும் திரையில் வந்தது இது:

```
TabError: inconsistent use of tabs and spaces in indentation
```

மூவரும் நோட்டோடு திரையை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார்கள். ஒரு வித்தியாசமும் இல்லை. விஷயம் இதுதான்: முதலாமவன் வரியை உள்ளே தள்ளுவதற்கு டேப் பொத்தானை ஒரு முறை அழுத்தியிருந்தான், இரண்டாமவன் இடைவெளிப் பொத்தானை எட்டு முறை தட்டியிருந்தான். கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவு வெற்றிடம், பைத்தானுக்கு வெவ்வேறு. வரியின் முதலில் கர்சரை வைத்து வலப்பக்க அம்புக்குறியை அழுத்திப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: டேப் இருக்கிற வரியில் ஒரே தாவலில் எழுத்துக்குப் போய்விடும், இடைவெளி இருக்கிற வரியில் ஒவ்வொரு அடியாக நடக்கும். இரண்டு வரிகளின் முன்னிருக்கும் வெற்றிடத்தை அழித்துவிட்டு, இரண்டுக்கும் நான்கு நான்கு இடைவெளியாக அடித்தால் தீர்ந்தது. இதை நான் வாய் திறந்து சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. மூன்றாமவன் அன்று பொத்தானையே தொடவில்லை.

இப்படிப்பட்ட பிழை நோட்டில் ஒருநாளும் வராது. காகிதத்தில் எல்லா வெற்றிடமும் வெற்றிடந்தான். கணினியின் முன் உட்கார்ந்து, பிழை வாங்கி, அதை ஆற அமரத் தேடிப் பார்க்கிற அவகாசம் இருந்தாலன்றி இது ஒருவனுக்குப் பிடிபடுவதில்லை. நூற்றுக்கு இருபது மதிப்பெண் செய்முறைக்கென்று வைத்துவிட்டு, அதற்குப் பத்து நிமிஷம் கொடுப்பது அநியாயம். இதைத் தலைமையாசிரியரிடம் நான் நேரிலேயே சொல்லியிருக்கிறேன். “எழுத்து மூலமாக வரட்டும், சார்” என்கிறார். எழுத்து மூலமாக வருவதோ ஆதி மனிதனும் நெருப்பும்.

கடைசியில் விண்ணப்பம் எழுதிய பையனை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். “வல்லரசை விட்டுவிடுடா, உனக்கு என்ன வேண்டும், அதை எழுது” என்றேன். “மரியாதையாக இருக்காதே, சார்” என்று கண் கலங்கினான். நல்ல பையன்தான், பள்ளி விட்டபின் பூட்டிய ஆய்வகத்தின் ஜன்னலில் முகத்தைப் பதித்துக்கொண்டு நிற்பவனை அதட்ட எனக்கு மனம் வந்ததில்லை. முடிவில் எழுதியது இவ்வளவே:

‘ஐயா, பிளஸ் டூ கணினி அறிவியல் மாணவர் ஆறு பேர், செவ்வாய், வியாழன் ஆகிய இரு நாட்களில் மாலை 4.20 முதல் 5.20 வரை ஆய்வகத்தில் பைத்தான் செய்முறை பழக அனுமதி வேண்டுகிறோம். பாடவேளையில் ஆளுக்குப் பத்து நிமிஷமே கிடைப்பதால் பிழைகளைத் திருத்திப் பார்க்க முடியவில்லை. கணினி ஆசிரியர் உடனிருக்க இசைந்துள்ளார். இணையம் தேவையில்லை, பென் டிரைவ் கொண்டுவர மாட்டோம். வெளியூர் மாணவியர் இருவருக்கும் 5.40க்கு பஸ் உண்டு. யுபிஎஸ்ஸை அணைத்துப் பூட்டிச் சாவியை வாட்ச்மேனிடம் ஒப்படைப்போம். பெயர்ப் பட்டியலும் பெற்றோர் கையொப்பமும் இணைப்பில் உள்ளன.’

தலைமையாசிரியர் நின்றபடியே படித்து, நின்றபடியே பச்சை மையில் கையெழுத்திட்டார். அந்தக் கடிதத்தின் பிரதி என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. பிற வகுப்புப் பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்ளலாம், கிழமையை மட்டும் மாற்றிக்கொள்ளட்டும். ஆறு பேருக்குமேல் பெயர் சேர்க்க வேண்டாம். பழுதான கணினிகளைச் சரிசெய்யச் சொல்லி நான் எழுதிய விண்ணப்பம் இன்னும் மாடியிலிருந்து இறங்கவில்லை.