சூப்பிரண்டு சார் இடம் மாற்றுகிறார்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர். பைபாஸில் ஏறினால் கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி சுங்கச்சாவடி, முண்டியம்பாக்கம் என்று மூன்று பேரைச் சொல்லி முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். ஆனால் ஓர் அரசு அலுவலகம் இந்தத் தூரத்தைக் கடக்க வேண்டுமானால் முதலில் ஒரு சுற்றறிக்கை கடக்க வேண்டும். அதை எழுதுகிறவர் சூப்பிரண்டு. பெயர்ப்பலகையில் கண்காணிப்பாளர் என்றுதான் இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

இந்த மாவட்டத்தில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். ஓய்வு பெறும் 60 வயதுக்கு இன்னும் ஓரிரண்டு ஆண்டு பாக்கி இருக்கும். சட்டைப் பையில் நீலம், சிவப்பு, பச்சை என்று மூன்று பேனா இருக்கும். பச்சையில் கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் கிடையாது, இருந்தாலும் வைத்திருப்பார். 1993 செப்டம்பர் 30-ஆம் தேதி தென்னார்க்காடு மாவட்டம் பிரிந்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனாகக் கடலூரிலிருந்து கோப்புக் கட்டுகளை ஏற்றி விழுப்புரத்துக்குக் கொண்டுவந்தவர். 2019 நவம்பர் 26-ஆம் தேதி கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது, தான் கொண்டுவந்த கட்டுகளில் சிலவற்றை மறுபடி கட்டி அங்கே அனுப்பிவைத்தவரும் அவர்தான். "ரெண்டு மாவட்டத்தைப் பிரிச்சு அனுப்பியிருக்கேன், ஒரு ஆபீசை மாத்துறது என்னா பெரிய விஷயம்?" என்பார். பிரித்தது அரசாங்கம் என்று எடுத்துச் சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் வருவதில்லை.

இப்போது அவருடைய அலுவலகம் திண்டிவனத்து வாடகைக் கட்டடத்தைக் காலி செய்துவிட்டு விழுப்புரத்துக்கு வருகிறது. சுற்றறிக்கை தயார். பொருள்: அலுவலகம் – இடமாற்றம் – பணியாளர்களுக்கு அறிவுரைகள் வழங்குதல் – தொடர்பாக. பார்வையில் மூன்று இனம். முதலாவது மேலிடத்து ஆணை, இரண்டாவது கட்டட உரிமையாளரின் கடிதம், மூன்றாவது முந்தின நாள் அவரே எழுதி அவரே ஒப்பமிட்ட அலுவலகக் குறிப்பு.

தேதி குறித்த கதையைத் தனியாகவே சொல்ல வேண்டும். மாதக் கடைசி ஆகாது, சம்பளப் பட்டியல் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஆகாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியதை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. மழை நேரத்தில் காகிதத்தை லாரியில் ஏற்றுகிறவனுக்கு மெமோ கொடுக்கலாம் என்பது அவர் கட்சி. ஆடி, மார்கழியைப் பற்றிப் பேச்சே இல்லை. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். செவ்வாயில் எதையும் தொடங்கக் கூடாது. வெள்ளிக்கிழமை லட்சுமியை வெளியே அனுப்பக் கூடாது. சனி, ஞாயிறு என்றால் பணியாளர்கள் ஈடுசெய் விடுப்புக் கேட்பார்கள். இவற்றைக் கழித்துவிட்டு அவர் தேர்ந்தெடுத்தது தை மாதத்தில் ஒரு புதன்கிழமை. அதிலும் ஏழரையிலிருந்து ஒன்பது வரை எமகண்டம், பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம். ஆகவே லாரி சரியாக 9.05-க்குப் புறப்பட்டு, முதல் கட்டு 12 மணிக்குள் புதிய கட்டடத்துக்குள் இறங்கிவிட வேண்டும். சுற்றறிக்கையில் இதற்கெல்லாம் சேர்த்து மூன்றே சொல்தான் இருந்தது: "நிர்வாக நலன் கருதி".

அடுத்த பத்தி பணியாளர்களின் போக்குவரத்து. "அனைவரும் தங்கள் சொந்தப் பொறுப்பில் காலை 10.00 மணிக்குப் புதிய அலுவலகத்தில் தவறாது ஆஜராக வேண்டும்." அவ்வளவுதான். கூட்டம் கூடியது அதற்குப் பிறகுதான்.

"சார், நான் மரக்காணத்துலேர்ந்து வரேன். திண்டிவனத்துக்கே ஒரு பஸ். அங்கேர்ந்து இன்னொண்ணு. எப்படி சார் பத்து மணிக்கு?" என்றார் இளநிலை உதவியாளர் அம்மா ஒருவர்.

"மேடம், கண்டக்டர்கிட்ட மொதல்ல ஒண்ணு கேளுங்க. வண்டி விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குள்ள போவுதா, பைபாஸ்லயே எறக்கிவிட்டுப் போயிடுவானான்னு. பைபாஸ்ல எறங்குனா அங்கேர்ந்து ஷேர் ஆட்டோ. மழ பேஞ்சா பஸ் ஸ்டாண்டுக்குள்ளயே தண்ணி நிக்கும், செருப்பைக் கையில எடுத்துக்குங்க."

"ட்ரெயின் இல்லீங்களா சார்?"

"இருக்குதும்மா. விழுப்புரம் ஜங்ஷனுக்கு அஞ்சு தெசையிலேர்ந்து தண்டவாளம் வருது. மரக்காணத்துலேர்ந்துதான் ஒண்ணும் வரல."

இதில் ஒரு வரிகூடச் சுற்றறிக்கையில் இல்லை. சூப்பிரண்டு சாரின் குணமே இதுதான். தணிக்கைக்காரர் படிப்பதை எல்லாம் எழுத்தில் வைப்பார், மனிதர்களுக்கு வேண்டியதை வாயால் சொல்வார். வீட்டு வாடகைப் படி மாறுமா, ஜன்னல் பக்கத்து நாற்காலி யாருக்கு, டீக்கடை எவ்வளவு தூரம் என்ற மூன்று கேள்விக்கு மட்டும் வாயாலும் பதில் கிடைக்காது. "அது பார்வை ரெண்டுல வராது" என்று எழுந்துவிடுவார்.

ஆனால் எதை எப்படிக் கட்டுவது என்ற பகுதிக்கு வந்தால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தார். படித்துவிட்டுச் சிரித்தவர்களில் நானும் உண்டு. இப்போது நினைத்தால் அந்த இரண்டரைப் பக்கத்தில் வெட்ட வேண்டிய வரி அதிகம் இல்லை.

முதலில், எல்லாவற்றையும் கட்டக் கூடாது என்கிறார். முடிந்த கோப்புகளில் ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு வைத்திருந்தால் போதும். காலம் கடந்தவற்றைப் பட்டியல் எழுதி, அதிகாரியின் ஆணை பெற்று இங்கேயே அழித்துவிட வேண்டும். தணிக்கைத் தடையோ கோர்ட்டு வழக்கோ பாக்கி இருக்கிற கோப்பு மட்டும் காலம் கடந்தாலும் கூடவே வரும். எந்த அலுவலகத்திலும் நடப்பதோ வேறு. பிரிப்பதைவிடக் கட்டுவது சுலபம் என்பதால் இருபது வருஷத்துக் குப்பை லாரி வாடகை கொடுத்து ஊர் மாறும். அதனால் கட்டுக்கயிறு வாங்குவதற்கு முன்பே பதிவறையில் உட்கார்ந்து மூன்று வாரம் பிரித்தார். தும்மலோடு தும்மலாக மற்றவர்களும் பிரித்தார்கள்.

பிறகு கட்டு. ஒரு ஆள் ஒரே மூச்சில் தூக்கி மாடி ஏறும் கனத்துக்கு மேல் போகக் கூடாது. மேலும் கீழும் பலகை வைத்து, காடாத் துணியில் சுற்றி, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்ட வேண்டும். எண் எழுதிய அட்டையை மேலே ஒட்டக் கூடாது, பக்கவாட்டில் கயிற்றோடு கோத்துத் தொங்கவிட வேண்டும். மேலே ஒட்டினால் அடுத்த கட்டு அதன் மீது உட்கார்ந்ததும் எண் மறைந்துவிடும். தூசி படிந்த துணியில் செல்லோ டேப் விக்கிரவாண்டி வரைகூடத் தாங்காது. ஒவ்வொரு கட்டுக்கும் உள்ளிருக்கும் கோப்புகளின் ந.க. எண்களோடு மூன்று பட்டியல். ஒன்று கட்டுக்குள், ஒன்று புதிய அலுவலகத்தில் இறக்குகிறவர் கையில், ஒன்று அவருடைய தோல் பையில்.

"எதுக்கு சார் மூணு? ரெண்டு போதாதா?" என்று கேட்ட தட்டச்சர், தண்டனையாக மூன்றையும் அவரே அடித்தார்.

லாரியில் போகக் கூடாதவை என்று தனி இனம். வருகைப் பதிவேடு, பணிப்பதிவேடுகள், காசோலைப் புத்தகம், கோபுர முத்திரை, அதிகாரியின் டிஜிட்டல் கையொப்பச் சாவி. இவை ஜீப்பில், அவர் மடியில் வரும். கணினிகளில் ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் ஒரே எண் எழுதிய துண்டுச்சீட்டு. யு.பி.எஸ். பேட்டரியைப் படுக்கப் போடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இரும்பு ரேக்குகள் ஒரு நாள் முன்னாடியே போய்விட வேண்டும். ஒவ்வொரு ரேக்கின் போல்ட், நட்டும் சின்னத் துணிப்பையில் அந்தந்த ரேக்கின் காலிலேயே கட்டப்பட்டிருக்க வேண்டும். ரேக்கு நிற்காத அறையில் கட்டு இறங்கினால் தரையில்தான் கிடக்கும். புதுக் கட்டடத்தைக் கழுவிவிட்ட தரை மேலே காய்ந்த மாதிரித் தெரியும், அடிக்கட்டு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு மாதம் கழித்து அந்தக் கட்டை அவிழ்த்தால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளம்போல உடையும். பக்கத்தில் கரையான் இருந்தால் அதுவும் மிஞ்சாது.

புதன்கிழமை 9.05-க்கு லாரி கிளம்பியது. கிளம்பியது என்பதைவிட, சூப்பிரண்டு சார் தட்டித் தட்டிக் கிளப்பினார் என்பதே சரி. 11.40-க்கு முதல் கட்டு உள்ளே போனது. மாலை நான்கு மணிக்கு எல்லாம் இறங்கி, அதிகாரி அறையில் பால் காய்ச்சி, எல்லோருக்கும் ஆளுக்கொரு லட்டு. அவர் லட்டைத் தொடவில்லை. கையில் பட்டியலோடு வாசலில் நின்றிருந்தார். ஏற்றிய கட்டு 212, இறங்கியது 211. காணாமல் போனது கட்டு எண் 47, ப.மு. கோப்புகள்.

"ஒரு கட்டுதானே சார், நாளைக்குத் தேடலாம்" என்றார்கள். அவர் மறுத்தார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒருவர் மனுப் போட்டால் 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். இடமாற்றத்தில் கோப்பு கிடைக்கவில்லை என்று எழுதினால் மேல்முறையீடு வரும். கேட்பது எந்தக் கோப்பு என்று அன்றைக்குத் தெரியும், எங்கே தொலைந்தது என்று தெரியாது. இறங்கிய நாளிலேயே எண்ணிப் பார்த்தால் லாரி இன்னும் ஊருக்குள் இருக்கும். அவர் கணக்கு அது.

டிரைவரைப் போனில் பிடித்தார். "தம்பி, வண்டியில ஒரு கட்டு இருக்குதான்னு பாருப்பா."

"இல்லியே அண்ணே, காலி வண்டி." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அண்ணே, பீரோ ஆடுச்சுன்னு மூலையில என்னத்தையோ முட்டுக் குடுத்தோம். இருங்க, பாக்குறேன்."

கட்டு எண் 47 அதுதான். தார்ப்பாயால் மூடிக் கிடந்திருக்கிறது. விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் வண்டி திரும்பி வந்தது. சூப்பிரண்டு சார் கட்டை வாங்கி அட்டையைப் பார்த்தார், பட்டியலில் சிவப்புப் பேனாவால் ஒரு டிக் போட்டார். அதன் பிறகு லட்டைக் கேட்டார். தீர்ந்துவிட்டிருந்தது.

மரக்காணத்து அம்மாவுக்கும் வழி பிறந்தது. அவர் மேசையைச் சூப்பிரண்டு சார் தபால் பகிர்மானப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார். அந்தப் பிரிவுக்குத் தபால் வருவதே காலை 10.30-க்கு மேல்தான். இதற்குச் சுற்றறிக்கை கிடையாது. கேட்டால் "நிர்வாக நலன்" என்கிறார்.

திண்டிவனத்துப் பழைய கட்டடத்தின் கேட்டில் புதிய முகவரி எழுதிய பலகை மாட்டியாயிற்று. அங்கே மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் ரசீதில் உள்ள ந.க. எண்ணையும் தேதியையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு விழுப்புரத்துக்கு வரவும். எண் இருந்தால் உங்கள் கோப்பு எந்தக் கட்டில், எந்த ரேக்கில் இருக்கிறது என்பதை அவர் தோல் பையைத் திறந்தே சொல்லிவிடுவார். எண் இல்லாமல் வந்தால் கட்டை அவிழ்க்க வேண்டும். அதற்கு அவர் சம்மதிக்க மாட்டார்.