காலண்டர் சார்

மாத வாடகை, பால், பேப்பர், கேபிள் எல்லாம் நாமும்தான் கொடுக்கிறோம். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளை மட்டும் வரவேண்டாத விருந்தாளி போல நடத்துவோம். இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி வந்த பிறகுதான் “ஐயையோ, இது இந்த மாசமா?” என்று அலறுவோம். அப்படி அலறாத ஒருவர் சென்னையின் எந்தக் குடியிருப்பிலும் இருப்பார். அநேகமாக ஓய்வு பெற்றவர். எங்கள் அடுக்ககத்தில் அவருக்குக் காலண்டர் சார் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் கரண்ட் பில்லில் மட்டும்தான் இருக்கிறது.

அவர் வீட்டுச் சுவரில் இரண்டு காலண்டர். ராகு காலம் பார்க்கும் தினசரி காலண்டர் மாமியுடையது. மளிகைக் கடைக்காரரிடம் வாதாடி வாங்கிய, பெரிய கட்டம் போட்ட மாதக் காலண்டர் இவருடையது. இலவசமாக வரும் காலண்டருக்கு “போன வருஷத்தை விட கட்டம் சின்னதா இருக்கே” என்று குறை சொன்ன ஒரே வாடிக்கையாளர் இவர்தான் என்பது கடைக்காரரின் வாக்குமூலம்.

கட்டங்களில் மூன்று நிறங்கள். கார் இன்ஷூரன்ஸ் சிவப்பு. அதில் கருணை நாள் என்ற பேச்சே கிடையாது. நள்ளிரவோடு பாலிசி செத்தால் மறுநாள் வண்டியை எடுப்பதே குற்றம். புதுப்பிக்கப் போனால் வண்டியைக் காட்டு என்பார்கள். 90 நாள் தாண்டினால் இத்தனை வருஷம் கிளெய்ம் கேட்காமல் சேர்த்த போனஸ் தள்ளுபடியும் போய்விடும். மருத்துவ இன்ஷூரன்ஸ் ஆரஞ்சு. வருஷச் சந்தாவாகக் கட்டுபவருக்கு 30 நாள் அவகாசம் உண்டு, பழைய நோய்க்கான காத்திருப்புக் காலமும் வீணாகாது. ஆனால் அந்த இடைவெளியில் ஆஸ்பத்திரியில் படுத்தால் பில் நம்முடையது. எல்.ஐ.சி. பச்சை. வருஷப் பிரீமியத்துக்கு 30 நாள் அவகாசம், அதற்குள் ஏதாவது நேர்ந்தாலும் பாலிசி உயிரோடுதான் இருக்கும். “மூணையும் ஒரே மாதிரி கிரேஸ்னு நினைக்கிறவன்தான் சார் மாட்டிக்கிறான்” என்பார். லிஃப்டில் சந்தித்தால் மூன்றாவது மாடிக்குள் இதைச் சொல்லி முடித்துவிடுவார்.

கெடு தேதிகளெல்லாம் ஏன் ஒன்றாகக் குவிகின்றன என்பதற்கு அவரிடம் ஒரு தத்துவம் உண்டு. எல்.ஐ.சி. பாலிசிகளுக்கு மார்ச் மாதம்தான் பிறந்த மாதம். வருமான வரி விலக்குக்காகக் கடைசி வாரத்தில் ஏஜெண்டைத் தேடி ஓடிய தலைமுறை அது. பிள்ளைகள் இன்று புதிய வரி முறைக்குப் போய்விட்டார்கள், அந்த விலக்கே அவர்களுக்கு இல்லை. பாலிசி மட்டும் வருஷா வருஷம் மார்ச் 28-ஐ விடாமல் கொண்டாடுகிறது. கார்களுக்கோ பஞ்சாங்கம்தான் தேதி குறிக்கிறது. ஆடியில் எடுக்க மாட்டோம், மார்கழியில் எடுக்க மாட்டோம், ஆயுத பூஜையில் எடுப்போம். சாரின் காரே 2023-இல் விஜயதசமியன்று மாலை போட்டு வந்ததுதான். ஆகவே அதன் இன்ஷூரன்ஸ் அக்டோபர் 23. மாநகராட்சிச் சொத்து வரியின் இரண்டாம் அரையாண்டும் அக்டோபரில் பிறக்கிறது. முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும். அதை விடச் சாருக்கு மனசு வராது. போதாக்குறைக்கு 2025-இல் தீபாவளி அக்டோபர் 20-ஆம் தேதி வந்தது. அந்த மாதக் கட்டங்களைப் பார்த்த மாமி, “பட்டுப்புடவைன்னு எங்கேயும் எழுதலியே?” என்று கேட்டதாகத் தகவல்.

தேதியை நகர்த்த முடியாதா என்றும் அவர் பார்த்துவிட்டார். எல்.ஐ.சி.யை அரையாண்டுத் தவணையாக மாற்றலாம். ஆனால் வருஷமாகக் கட்டினால் கிடைக்கும் 2 சதவீதத் தள்ளுபடி 1 ஆகிவிடும். இரண்டாவது தவணையோ செப்டம்பர் 28-இல் விழுந்து அக்டோபரின் வாசலில் வந்து நிற்கும். சொத்து வரிக்கு மாநகராட்சியிடம் நாள் கேட்க முடியாது. எனவே தேதிகளை விட்டுவிட்டுப் பணத்தைப் பரப்பினார்.

கணக்கு இதுதான். சொத்து வரி இரண்டு தவணை 8,400. லாக்கர் வாடகை 2,400, ஏப்ரலில். தண்ணீர் சுத்திகரிப்பு மெஷினின் வருஷ ஒப்பந்தம் 3,220, ஜூலையில். கார் 14,500. மருத்துவம் 31,000, ஜனவரியில். எல்.ஐ.சி. 24,480. மொத்தம் 84,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,000. இதை ஆர்.டி.யில் போடமாட்டார், நடுவில் எடுத்தால் உடைக்க வேண்டும் என்பதால். தனி சேமிப்புக் கணக்கு, ஏ.டி.எம். கார்டு கிடையாது. பென்ஷன் வந்த மறுநாளே 7,000 அங்கே போய்விடும். ஏப்ரலில் வரியும் லாக்கரும் போக மிச்சம் 400. அக்டோபர் பூகம்பத்துக்குப் பிறகும் 20,480 நிற்கும். மார்ச்சில் எல்.ஐ.சி. கட்டியதும் இருப்பு சரியாகப் பூஜ்யம். அந்த பாஸ்புக் பக்கத்தை அவர் பேரன் போட்டோ மாதிரி எல்லோருக்கும் காட்டுவார். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ இன்ஷூரன்ஸுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்றானபோது ஊரே மகிழ்ந்தது. இவர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் ரப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். மேலே சொன்னவை அதற்குப் பிந்திய திருத்தப்பட்ட தொகைகள்.

இரண்டாவது மாடிப் பையன் இந்தத் திட்டத்தில் மயங்கினான். ஐ.டி. வேலை, அச்சு அசல் அதே செலவுகள். ஆகஸ்டில் ஆரம்பித்து மாதம் 7,000 போட்டான். அக்டோபரில் தப்பித்தான், மிச்சம் 2,300. ஜனவரியில் மருத்துவப் பிரீமியம் வந்தபோது கணக்கில் 23,300-தான் இருந்தது. 7,700 ரூபாய் துண்டு விழுந்தது. கிரெடிட் கார்டைத் தேய்த்துக் கட்டிவிட்டு நேரே நாலாவது மாடிக்கு ஏறினான்.

“என்ன சார், வகுத்தது சரிதானே?”

“வகுத்தது சரி தம்பி. ஆரம்பிச்ச மாசம் தப்பு. நான் ஏப்ரல்ல ஆரம்பிச்சேன், ஜனவரிக்குள்ள பத்து மாசம் போட்டுட்டேன். நீ ஆறு மாசம்தான் போட்டிருக்கே. உனக்கு மார்ச்சு இன்னும் மோசமா இருக்கும், பாத்துக்கோ.”

சார் காலண்டரின் ஜூலைக் கட்டத்தைக் காட்டினார். ஓரத்தில் பென்சிலில் 18,180 என்று இருந்தது, தன் கணக்கில் ஜூலை முடிவில் நின்ற தொகை. “ஆகஸ்ட்ல ஆரம்பிக்கிறவன் முதல்ல இதைப் போட்டுட்டுதான் 7,000-க்கு வரணும். அப்பதான் எந்த மாசமும் துண்டு விழாது. நடுவுல ஏறுகிற எவனுக்கும் இதே கணக்குதான்.” பையன் தொகையைப் போனில் குறித்துக்கொண்டான். சுவரையே போட்டோ எடுத்திருக்கலாம், சார் விடமாட்டார். வீட்டு நிதிநிலை அறிக்கை வெளியே போகக்கூடாதாம்.

இப்போது வீட்டில் புதுப் பிரச்சினை. மருமகளுக்கு ஸ்கூட்டர் வாங்க வேண்டும். ஆகஸ்ட் கட்டம் காலியாக இருக்கிறது, ஆடியிலேயே எடுத்துவிடலாம் என்றார் சார்.

“ஏங்க, ஆடியில யாராவது வண்டி எடுப்பாங்களா?”

“மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்தே வாங்கிடறான். சொந்தச் சேதத்துக்கு மட்டும்தான் வருஷா வருஷம் கட்டணும். ஆகஸ்ட்ல வச்சா யாரோடையும் மோதாது. ஆனா அந்த அஞ்சாவது வருஷத்தைத்தான் எல்லாரும் மறந்துடறாங்க.”

அதற்குள் அந்த ஐந்தாவது வருஷத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காலண்டரின் பின்பக்கம் ஒட்டிவிட்டார். பேரம் நீண்டு, ஆவணி முதல் முகூர்த்தம் என்று முடிவானது. ஆகஸ்ட் கடைசி வாரம், அதே காலிக் கட்டம்தான். இருவருக்கும் வெற்றி. ஷோரூமுக்குப் போனால், “ஆயுத பூஜைக்கு வாங்க சார், 5,000 ரூபாய் ஆஃபர் இருக்கு” என்றார்கள். சார் பென்சிலைக் காதில் செருகியபடி வீடு வந்து காலண்டரின் முன் நின்றார்.

“அக்டோபர் கட்டத்துல எழுத இடமே இல்லையே” என்றார்.

“இடமில்லேன்னா நவம்பர் கட்டத்துல எழுதுங்க” என்றாள் மாமி, பருப்பு டப்பாவை மூடிக்கொண்டே. “இன்ஷூரன்ஸ்காரன் என்ன, நம்ம வீட்டுச் சுவரையா வந்து பாக்கப் போறான்?”