பேரைப் போட்டாங்க, லிங்க்கைப் போடலையே!

கேள்வி: பழைய தீப்பெட்டி லேபிள்களை ஸ்கேன் செய்து, எந்தக் கம்பெனி, எந்த அச்சகம் என்ற விவரத்தோடு வலைப்பூவில் போட்டு வருகிறேன். பல பேர் அதைப் பெயர் சொல்லி எழுதுகிறார்களாம். லிங்க் மட்டும் தருவதில்லை. யார் யார் என்று கண்டுபிடிப்பது எப்படி? (வாசகர், சிவகாசி)

பதில்: உங்கள் வலைப்பூவின் பெயர் ‘தீப்பெட்டிப் படம்’ என்று வைத்துக்கொள்வோம். கூகுளில் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, உங்கள் சொந்தத் தளத்தைக் கழித்துவிட்டுத் தேடுங்கள்:

```
"தீப்பெட்டிப் படம்" -site:theepettipadam.example
```

இதோடு நிறுத்தினால் பாதிப் பேர் தப்பிவிடுவார்கள். மேற்கோள் குறிக்குள் போட்டால் கூகுள் அச்சு அசலாக அதே சொற்களைத்தான் தேடும். நம் ஆட்களோ ‘தீப்பெட்டிப் படத்தில் பார்த்தேன்’, ‘தீப்பெட்டிப் படத்தின் ஆசிரியர்’ என்று வேற்றுமை உருபோடுதான் எழுதுவார்கள். ‘படம்’ அங்கே ‘படத்து’ ஆகிவிடுகிறது. தமிழ் வாத்தியாருக்கு இது இரண்டும் ஒன்று, மேற்கோள் குறிக்கு வேறு வேறு. ஆகவே இப்படியும் தேடுங்கள்:

```
"தீப்பெட்டிப் படத்தில்" OR "தீப்பெட்டிப் படத்தின்" -site:theepettipadam.example
"தீப்பெட்டி படம்" OR "theepetti padam" -site:theepettipadam.example
```

இரண்டாவது வரியில் ஒற்று இல்லாததைக் கவனித்தீர்களா? ஒற்றை விழுங்குகிறவர்களும் உங்களைப் பாராட்டத்தான் செய்கிறார்கள். அவர்களை விட்டுவிடாதீர்கள். இதே சொற்களுக்கு கூகுள் அலெர்ட்ஸ் போட்டு வைத்தால், புதிதாக வருவதில் ஒரு பகுதியாவது மின்னஞ்சலில் வந்து சேரும். எல்லாம் வரும் என்று நம்பி உட்கார வேண்டாம்.

கேள்வி: எங்கள் பட்டாசுக் கம்பெனிப் பெயரைத் தேடினால் டிவி விளம்பரமாக வருகிறதே? (வாசகர், திருத்தங்கல்)

பதில்: சோனி, ஸ்டாண்டர்ட் என்றெல்லாம் பெயர் வைக்கும்போது கூகுள் பிறந்திருக்கவில்லை, யாரைக் குறை சொல்வது? பெயரோடு ‘சிவகாசி’, ‘பட்டாசு’, fireworks என்று ஒரு சொல்லைத் தனியாகச் சேர்த்துத் தேடுங்கள். Sivakasi, Shivakasi என்ற இரண்டு எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: தேடல் முடிவில் பட்டியல் நீளமாக வருகிறது. எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பிவிடலாமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: கல்யாணப் பத்திரிகையா அனுப்பப் போகிறீர்கள்? ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் திறந்து பாருங்கள். கணினியில் Ctrl+U அழுத்தினால் பக்கத்தின் மூலநிரல் தெரியும். அதில் Ctrl+F போட்டு உங்கள் தள முகவரியைத் தேடுங்கள். லிங்க் ஏற்கெனவே இருந்து, கண்ணில் படாத நிறத்தில் ஒளிந்திருக்கலாம். கொடுத்தவரிடமே போய் ‘ஏன் கொடுக்கவில்லை’ என்று கேட்பதைப் போல அசடு வழியும் வேலை வேறில்லை. லிங்க்கில் rel="nofollow" என்று இருந்தால், அதை எடுக்கச் சொல்லிப் பேரம் பேச வேண்டாம். படிக்கிறவர் அதைத் தட்டினாலும் உங்கள் பக்கத்துக்குத்தான் வருவார்.

அடுத்து, அந்தப் பக்கத்தைப் படிப்பவருக்கு உங்கள் லிங்க் உதவுமா என்று பாருங்கள். ‘இந்த லேபிள் தீப்பெட்டிப் படம் வலைப்பூவில் இருக்கிறது’ என்று ஒருவர் எழுதியிருந்தால் உதவும். படிப்பவர் அதைத் தேடிப் போகத்தான் போகிறார். நாற்பது வலைப்பூக்களின் பெயரை வரிசையாக அடுக்கியிருந்தால் விட்டுவிடலாம். வெடிவிபத்துச் செய்தியில் உங்கள் பெயர் வந்திருந்தால் கேட்கவே கேட்காதீர்கள். 2012இல் முதலிப்பட்டியில் நடந்தது போன்ற ஒரு துயரத்தின் நடுவே லிங்க் கேட்டு வரும் கடிதத்தை எந்த ஆசிரியரும் மன்னிக்க மாட்டார்.

கேள்வி: கடிதத்தில் என்னதான் எழுதுவது? கை கூசுகிறது. (அதே சிவகாசி வாசகர்)

பதில்: கூச்சம் இருப்பது நல்லது, கடிதம் சுருக்கமாக வரும். மாதிரிக்கு ஒன்று:

*வணக்கம். சிவகாசித் தீப்பெட்டி லேபிள்கள் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். மூன்றாவது பத்தியில் ‘தீப்பெட்டிப் படம்’ வலைப்பூவைக் குறிப்பிட்டதற்கு நன்றி. நீங்கள் சொல்லும் மயில் லேபிள் இந்தப் பக்கத்தில் இருக்கிறது: (முகவரி). படிப்பவர்கள் நேராகப் பார்க்க வசதியாக அந்தப் பெயரில் லிங்க் சேர்க்க முடியுமா? முடியாவிட்டாலும் பரவாயில்லை.*

இதில் மூன்று விஷயம் இருக்கிறது. எந்தப் பத்தி என்று சொல்லிவிட்டதால் அவர் தேட வேண்டியதில்லை. முகப்புப் பக்கத்தைத் தராமல் அந்த லேபிள் இருக்கும் பக்கத்தையே தந்ததால் படிப்பவர் அலைய வேண்டியதில்லை. கடைசி வரி, மறுக்கிறவருக்குச் சங்கடம் இல்லாமல் செய்கிறது. ‘உங்கள் தளத்தின் தரவரிசை உயரும்’ போன்ற வசனங்களைச் சேர்த்தால் நேரே குப்பைக்குப் போகும். அனுப்புவதற்கு முன் அந்த முகவரியை நீங்களே ஒருமுறை தட்டிப் பாருங்கள். செத்த பக்கத்துக்கு லிங்க் கேட்டவர்களும் உண்டு.

கட்டுரை வந்த சூட்டோடு எழுதுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில்தான் எல்லாப் பத்திரிகைகளுக்கும் சிவகாசி ஞாபகம் வரும், உங்கள் பெயரும் அப்போதுதான் அதிகம் அடிபடும். பழைய கட்டுரையை மறுபடி திறந்து திருத்த எந்த உதவி ஆசிரியருக்கும் மனசு வராது.

கேள்வி: பதிலே வரவில்லையென்றால்? (வாசகர், சாத்தூர்)

பதில்: ஒரு வாரம், பத்து நாள் கழித்து இரண்டே வரியில் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அதுதான் பதில். வெளித்தளங்களுக்கு லிங்க் கொடுப்பதில்லை என்ற விதி வைத்திருக்கும் செய்தித்தளங்களும் இருக்கின்றன. அங்கே நிருபர் நினைத்தாலும் நடக்காது.

கேள்வி: ‘லிங்க் வேண்டுமானால் ஐந்நூறு ரூபாய்’ என்கிறார் ஒருவர். (வாசகர், ராஜபாளையம்)

பதில்: தேடல் வரிசையில் ஏறுவதற்காகக் காசு கொடுத்து வாங்கும் லிங்க்கை கூகுள் ஸ்பாம் கணக்கில் வைக்கிறது. விளம்பரமென்றால் rel="sponsored" என்று குறிக்க வேண்டும். அந்தக் குறிப்பு 2019இல் வந்தது. இதைச் சொல்லிப் பாருங்கள், ஐந்நூறைப் பற்றிப் பேச்சு வராது. ‘நீ எனக்கு, நான் உனக்கு’ என்று கூட்டம் கூட்டமாக மாற்றிக்கொள்வதும் இதே கணக்குதான்.

கேள்வி: பட்டாசுக் கடை வைத்திருக்கிறேன். எங்களைப் பற்றி எழுதியவர்களிடம் ஆர்டர் பக்கத்துக்கு லிங்க் கேட்கலாமா? (வாசகர், சிவகாசி)

பதில்: வேண்டாம் அண்ணாச்சி. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இணைய வணிகத் தளங்கள் பட்டாசு ஆர்டர் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. உங்கள் ஆர்டர் படிவத்துக்கு லிங்க் கொடுக்க விவரம் தெரிந்த நிருபர் யோசிப்பார். கடையின் வரலாறு, சரவெடி கட்டும் விதம் என்று ஒரு பக்கம் எழுதி வைத்து, அதைக் கேளுங்கள்.

கேள்வி: என் படத்தையே எடுத்துப் போட்டுவிட்டு, பெயர்கூடப் போடவில்லை! (மறுபடியும் தீப்பெட்டி வாசகர்)

பதில்: பெயர் இல்லாததை எழுத்தில் தேடிப் பிடிக்க முடியாது. படத்தை கூகுள் லென்ஸில் கொடுத்துப் பாருங்கள். கண்டுபிடித்ததும் ‘காப்புரிமை’ என்று உறும வேண்டாம். லேபிள் தீப்பெட்டிக் கம்பெனிக்காக யாரோ வரைந்தது, ஸ்கேன் செய்ததால் அது உங்களுடையது ஆகிவிடாது. உழைப்பு உங்களுடையது. ‘ஸ்கேன்: தீப்பெட்டிப் படம்’ என்று படத்தின் கீழ் ஒரு லிங்க் போடச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் கோபப்படாமல் கேட்டவர்களுக்குக் கிடைக்கிறது.

கேள்வி: விக்கிப்பீடியாவில் நானே சேர்த்துவிட்டால்? (வாசகர், அருப்புக்கோட்டை)

பதில்: யாராவது அழித்துவிடுவார்கள், உங்கள் பெயரும் கெடும். அங்கே வெளி லிங்க்குகளுக்கு 2007 முதல் nofollow வேறு. கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில், ‘இது என் தளம், இந்தத் தகவலுக்கு ஆதாரம் இங்கே இருக்கிறது’ என்று வெளிப்படையாக எழுதி வையுங்கள். சேர்ப்பதா வேண்டாமா என்று தொகுப்பவர்கள் முடிவு செய்யட்டும்.